பெயர்ப்பலகையும் தேடற்பெட்டியும்

சேதராப்பட்டிலிருந்து ஓர் இளைஞர் சென்ற மாதம் எங்களைத் தேடி வந்தார். ஆறேழு ஆண்டுகள் பிறரிடம் உதவியாளராக இருந்து திருமணங்களைப் படம்பிடித்தவர். இப்போது தொழிற்பேட்டைச் சாலையில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்திருக்கிறார். முன்னறையில் உருவப்படம் எடுப்பதற்கான திரையும் விளக்குகளும். பின்னறையில் ஆல்பம் வடிவமைக்கும் கணினி. எல்லாம் ஆயத்தம், பெயர் மட்டும் இல்லை. "நீங்க தமிழ் படிக்கிறவங்க, நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்கண்ணே. ஆனா கல்யாணம் வெச்சிருக்கிறவங்க தேடினா உடனே கிடைக்கணும்" என்றார்.

எங்களிடம் வருவதற்கு முன்பே அவர் இணைய விளம்பர ஆலோசகர் ஒருவரிடம் போய்வந்திருந்தார். அவர் எழுதிக்கொடுத்த தாளும் கையில் இருந்தது. அதில் இருந்த பெயர்: "Best Candid Wedding Photographers in Pondicherry". ஏதோ விளம்பர வாசகம் என்று நினைத்தோம். இல்லை, கடையின் பெயரே அதுதானாம். பலகையில் அதையே எழுத வேண்டும், வரைபடத்தில் அதையே பதிய வேண்டும், ரசீதிலும் அதையே அச்சிட வேண்டும். தேடுபவர் எதைத் தட்டுவாரோ அதுவே பெயராக இருந்தால் கூகுளாண்டவர் கைவிடமாட்டார் என்பது ஆலோசகரின் சித்தாந்தம்.

எங்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி நியாயமானது, மறுபாதி வெறும் தமிழாசிரியத்தனம் என்பது பிறகுதான் விளங்கியது. ஆகவே இக்கட்டுரை இரு தரப்புக்கும் எதிரானது: தேடற்சொல்லையே பெயராக்கச் சொல்லும் ஆலோசகர்களுக்கும், எவராலும் தட்டச்சு செய்ய முடியாத அழகான சொல்லைப் பெயராகச் சூட்டிவிட்டு நகரும் எங்களைப் போன்றோருக்கும்.

முதலில் ஆலோசகர் தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். கூகுள் வரைபடத்தில் ஒரு கடை எத்தனையாவதாக வரும் என்பதை மூன்று காரணங்கள் தீர்மானிப்பதாக அந்நிறுவனமே சொல்கிறது: தேடலுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து கடைக்கு உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. பெயரிலேயே ஊரும் தொழிலும் இருந்தால் பொருத்தம் கூடுகிறது. இத்தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்த உண்மை இது, நாங்களும் மறுக்கவில்லை. இந்த ஆதாயம் இருப்பதால்தான் ஊருக்கு ஊர் இத்தகைய பெயர்கள் முளைக்கின்றன.

ஆனால் அதே நிறுவனத்தின் விதி இன்னொன்றையும் சொல்கிறது. வரைபடத்தில் பதியும் பெயர், கடையின் பலகையிலும் தாள்களிலும் வாடிக்கையாளர் வாயிலும் உண்மையில் வழங்கும் பெயராகவே இருக்க வேண்டும். ஊர், தொழில், புகழுரை என்று எதையும் ஒட்டுப்போடக் கூடாது. ஒட்டுப்போட்ட பெயரைத் திருத்தச் சொல்லி எவரும் அந்த வரைபடத்திலேயே முறையிடலாம். எதிர்க்கடைக்காரர் முறையிடாமல் இருப்பாரா? பெயர் திருத்தப்பட்டால் பாதகமில்லை. பதிவே முடக்கப்பட்டால், ஆண்டுக்கணக்கில் சேர்த்த பாராட்டுரைகளும் படங்களும் அதனோடு சேர்ந்து பார்வையிலிருந்து மறைந்துவிடும். தை மாத முகூர்த்தங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே ஆள் தேடுவார்கள். அந்த நேரத்தில் மறைந்தால் ஓர் ஆண்டு வருமானம் போயிற்று.

ஆலோசகருக்கு இதற்கும் விடை உண்டு. அந்த நீண்ட வாசகத்தையே சட்டப்படி பெயராகப் பதிந்து, பலகையிலும் எழுதிவிட்டால் விதிமீறல் ஏது? உண்மைதான். எங்கள் உண்மையான மறுப்பும் இங்குதான் தொடங்குகிறது.

திருமண ஸ்டுடியோவைத் தேடுவோர் இரு வகையினர். முதல் வகையினருக்கு உங்களைத் தெரியாது. அவர்கள் "wedding photographer near me" என்று தட்டுவார்கள். இரண்டாம் வகையினர் உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள். அத்தை மகள் திருமண ஆல்பத்தை வீட்டில் புரட்டியவர்கள், வரவேற்பில் கேமராவோடு நின்றவரின் சட்டையில் எழுதியிருந்ததைப் பார்த்தவர்கள். அவர்கள் பெயரைத் தட்டுவார்கள். திருமணத் தொழில் இந்த இரண்டாம் வகையினரால்தான் வாழ்கிறது. ஒரு திருமணத்துக்கு வந்த நூற்றுக்கணக்கானோரில் அடுத்த ஆண்டு திருமணம் வைத்திருக்கும் குடும்பங்கள் சில இருந்தே தீரும். ஸ்டுடியோவின் மெய்யான விளம்பரம் அவர்களுடைய நினைவு.

இப்போது அந்த ஆல்பத்தைப் பார்த்த பெண் ஒருத்தி மூன்று மாதம் கழித்துத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "ஏதோ பாண்டிச்சேரி வெட்டிங்..." என்ற அளவுக்குத்தான் அவள் நினைவில் தங்கியிருக்கும். அதைத் தட்டினால் அதே சொற்களைப் பெயராகக் கொண்ட பத்துக் கடைகள் வரிசையாக நிற்கும். முதலில் நிற்பவரை அவள் அழைப்பாள், அவர்தான் அவர் என்று நம்பியே அழைப்பாள். உங்கள் உழைப்பில் பிறந்த பரிந்துரை, உங்கள் பெயரின் வழியாகவே எதிர்க்கடைக்குப் போய்ச் சேர்கிறது. அறியாதவரை ஈர்ப்பதற்காக வைத்த பெயர், அறிந்தவரை இழக்கச் செய்கிறது. பொதுச்சொல்லைப் பெயராகச் சூடுவதன் விலை இதுதான். ஆலோசகரின் தாளில் இந்தக் கணக்கு இல்லை.

சட்டமும் துணைக்கு வராது. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறியீட்டுச் சட்டம், 9ஆம் பிரிவில், ஒரு பொருளின் அல்லது சேவையின் வகையையோ தரத்தையோ பிறந்த இடத்தையோ மட்டும் சுட்டும் சொற்களைத் தனியுரிமைக் குறியாகப் பதிய மறுக்கிறது. நெடுங்காலப் புழக்கத்தால் அச்சொல் ஒருவரையே சுட்டத் தொடங்கியிருந்தால்தான் விலக்கு. 'சிறந்த', 'திருமணம்', 'புகைப்படம்', 'பாண்டிச்சேரி' ஆகிய நான்கையும் எப்படி அடுக்கினாலும் அவை எல்லாருக்கும் பொதுவே. நாளை அடுத்த தெருவில் ஒருவர் அதே பெயரை ஒரு சொல் மாற்றி வைத்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவே. இணைய முகவரியில் தேடற்சொற்களை அடுக்கினால் மேலே வரலாம் என்ற பழைய தந்திரமும் தேய்ந்துவிட்டது. தரமற்ற பக்கங்கள் அப்படி முகவரியின் பலத்தில் மட்டும் மேலேறுவதைக் குறைக்க 2012 செப்டம்பரிலேயே கூகுள் தன் முறையை மாற்றியது.

இதில் புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. எந்த ஊர்ப்பெயரைச் சேர்ப்பது? 2006 அக்டோபரில் 'பாண்டிச்சேரி' சட்டப்படி 'புதுச்சேரி' ஆயிற்று. ஆனாலும் வெளியூர் ஜோடிகளின் விரல்கள் இன்றும் "Pondicherry" என்றே தட்டுகின்றன. உள்ளூர்ப் பிள்ளைகள் "Pondy" என்பார்கள், அரசுத் தாள்களைப் பார்த்துப் பழகியவர் "Puducherry" என்பார். பிரான்சில் குடியேறிய புதுவைக் குடும்பங்களின் பிள்ளைகள், ஊருக்கு வந்து மணம்முடிக்கும்போது, "photographe mariage Pondichéry" என்று தேடக்கூடும். ஒரு பெயரில் இவற்றுள் ஒன்றுக்குத்தான் இடம். ஒரு வலைப்பக்கத்திலோ அனைத்துக்கும் இடம் உண்டு. நான்கைந்து எழுத்துமுறைகளும் இயல்பாக வரும்படி நான்கு பத்தி எழுதினால் முடிகிற காரியத்துக்கு, வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டிய பெயரை ஏன் பலியிட வேண்டும்?

இவ்வளவு வீராவேசத்தோடு ஆலோசகரின் தாளைக் கிழித்துப்போட்ட பிறகு, நாங்கள் எங்கள் பட்டியலை எடுத்தோம். நிழல், ஒளிச்சிமிழ், இமைப்பொழுது, கண்ணாடிப் பூ என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் சொல்லும்போது நாங்களே சொக்கிப்போனோம். இளைஞர் பணிவாக ஒன்று கேட்டார்: "இத இங்கிலீஷ்ல எப்படிண்ணே அடிப்பாங்க?"

அங்கேயே சோதித்துப் பார்த்தோம். எங்களில் ஒருவர் உறவினர் நால்வரைத் தொலைபேசியில் அழைத்து, 'நிழல்' என்ற பெயரை ஒருமுறை மட்டும் சொல்லி, தேடுவதென்றால் எப்படித் தட்டுவீர்கள் என்று எழுதியனுப்பச் சொன்னார். வந்தவை: "nizhal", "nilal", "nizal", "nijal". நான்கு பேர், நான்கு எழுத்துமுறைகள். 'ஒளிச்சிமிழ்' இன்னும் மோசம். ஒருவர் தமிழிலேயே தட்டினார், 'ஒலிச்சிமிழ்' என்று. ஒலிபெருக்கிக் கடை என்று நினைத்திருப்பார்.

தேடுபொறி பிழையைத் திருத்திக்கொள்ளாதா என்று கேட்கலாம். திருத்தும். ஆனால் அது ஏற்கெனவே பலரும் தேடிப் பழகிய சொல்லை நோக்கியே திருத்தும். நேற்றுத் திறந்த கடையின் பெயருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே அது உங்களிடம் திருப்பிவிடாமல், உங்களைவிடப் புகழ்பெற்ற வேறொன்றிடம் திருப்பிவிடும். 'நிழல்' என்ற சொல்லுக்கோ வரிசை பெரிது. அப்பெயரில் ஒரு திரைப்படச் சிற்றிதழ் உண்டு, சென்னையில் மரங்களுக்கான அமைப்பு ஒன்று உண்டு, 2021இல் வெளிவந்த மலையாளப் படம் ஒன்றும் உண்டு. இவர்களுக்குப் பின்னால் போய் நிற்கும் சேதராப்பட்டு ஸ்டுடியோவை எந்த மணப்பெண் கண்டுபிடிப்பாள்?

தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவதற்குப் பொதுமக்களிடையே ஒரே மரபு இல்லை என்பதை இலக்கியக்காரர்களாகிய நாங்கள் வசதியாக மறந்துவிடுகிறோம். அரசாலேயே அதை நிலைநாட்ட முடியவில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூர் "Koyampuththoor" ஆயிற்று, வேலூர் "Veeloor" ஆயிற்று. எழுந்த கேலியில், சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆணையால் விரலைத் திருத்த முடியாது என்றால், ஸ்டுடியோக்காரரின் பலகையால் மட்டும் முடியுமா?

சேதராப்பட்டே இதற்கு நல்ல சான்று. "Sedarapet" என்று தொழிற்பேட்டைக் கடிதங்களில் இருக்கும். "Sedurapet", "Sedarapattu", "Sethurapattu" என்றெல்லாம் மக்கள் எழுதுவார்கள். கடைசியாகச் சொன்னதில் ஓர் எழுத்து பிசகினால் திருச்சிப் பக்கத்துச் சேதுராப்பட்டிக்குப் போய்விடலாம். ஆகவே கடைப்பெயரில் ஊர்ப்பெயரைச் சேர்த்து அவ்வூரைப் பெருமைப்படுத்தலாம் என்று எங்களில் ஒருவர் சொன்ன யோசனையையும் கைவிட்டோம்.

பெயரில் வேண்டாம் என்றோமே தவிர, முகவரியில் மறைக்கச் சொல்லவில்லை. இளைஞருக்கு அந்த எண்ணமும் இருந்தது. சேதராப்பட்டு என்றால் ஆலைகள்தான் ஜனங்களுக்கு நினைவு வரும், யார் கல்யாணப் படத்துக்கு வருவார்கள் என்று கூச்சப்பட்டார். கடற்கரைக்கு அருகில் பிரெஞ்சுத் தெருக்களில் யாராவது ஒரு முகவரியை இரவல் கொடுத்தால் அங்கே பதிந்துவிடலாமா என்று கேட்டார். கூடாது. ஆளும் பலகையும் இல்லாத இரவல் முகவரி விதிக்குப் புறம்பானது. இப்போது பதிவை உறுதிசெய்யப் பலகையையும் உள்ளறையையும் தெருவையும் காணொளியாக எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள். அதில் பொய் நிற்காது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நகரத்தின் நடுவில் நின்று "near me" என்று தேடுபவருக்குச் சேதராப்பட்டுக் கடை முன்னால் வருவது கடினம். தூரம் என்ற காரணத்தை எந்தப் பெயராலும் வெல்ல முடியாது. ஆனால் வானூர்ப் பக்கத்தில் நின்று தேடுபவருக்கு நகரத்துக் கடைகளைவிட இவரே அண்மை. பிள்ளைக்கு முதலாண்டுப் படம், மஞ்சள் நீராட்டு, ஆலையில் வேலை செய்யும் இளைஞரின் பெண் பார்க்க அனுப்பும் படம் எல்லாம் முன்னறைக்கு வரும் வேலைகள். அவை பக்கத்திலிருந்துதான் வரும். உண்மையான முகவரி அவற்றைக் கொண்டுவரும். பெயரில் 'வெட்டிங்' என்று எழுதியிருந்தால் அவையும் வாசலோடு திரும்பிவிடும்.

அப்படியானால் முன்பின் அறியாத ஜோடிகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பெயருக்கு வெளியே அதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. வரைபடப் பதிவில் தொழில்வகை என்று ஒரு கட்டம் உண்டு. முதன்மையாகத் திருமணப் புகைப்படத்தையும், துணையாக உருவப்பட ஸ்டுடியோவையும் அங்கே குறிக்கலாம். படம்பிடிக்கப் போகும் ஊர்களைத் தனியே சொல்லக் கட்டம் உண்டு. அங்கே புதுச்சேரி, விழுப்புரம், திண்டிவனம் என்று இருபது இடங்கள் வரை எழுதலாம். அந்தப் பட்டியல் தூரத்தைக் குறைத்துவிடாது. வாடிக்கையாளருக்குத் தெளிவு தரும். இன்ஸ்டாகிராமில் முகவரிப்பெயர் வேறு, அதன்கீழ் காட்டப்படும் பெயர் வேறு. முகவரிப்பெயரில் தமிழ் எழுத்துக்கே இடமில்லை. ரோமன் எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு மட்டுமே. அதைச் சுருக்கமாகக் கடைப்பெயராகவே வைத்துக்கொண்டு, தொழிலையும் ஊரையும் அறிமுக வரியில் எழுதலாம். அப்படி எழுதினால் தேடலில் கிடைக்க உதவும் என்று 2021இல் அந்நிறுவனமே விளக்கியிருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, எடுத்த ஒவ்வொரு திருமணத்துக்கும் மணமக்கள் இசைவோடு ஒரு பக்கம் எழுதுவது. மண்டபம் அமர்த்தியவர்கள் அந்த மண்டபத்தின் பெயரைத் தட்டி, அங்கே எடுத்த படங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். படத்தின் கோப்பு "DSC_0412.jpg" என்றே கிடந்தால் தேடுபொறிக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. மண்டபத்தின் பெயரும் ஊரும் சடங்கும் எழுதியிருந்தால், பெயரே தெரியாத ஜோடி வந்துசேரும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களை மின்னுருவாக்கிச் சேகரித்திருக்கிறார்கள். அக்காலத்துப் படங்கள் ஒட்டப்பட்ட தடித்த அட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கீழ்விளிம்பில் ஸ்டுடியோவின் பெயர், அதையடுத்து ஊர். பெயர் பெயராக இருந்தது, ஊர் ஊராக இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி இடம். மவுண்ட் ரோட்டில் இருந்த ஜி.கே.வேல் தன்னைச் 'சென்னையின் சிறந்த உருவப்படக்காரர்' என்று பெயரிட்டுக்கொள்ளவில்லை. அந்த அட்டைதான் அன்றைய தேடுபொறி. உறவினர் வீட்டுச் சுவரில் படத்தைப் பார்த்தவர், அட்டையில் பெயரைப் படித்து, அந்த ஊருக்கு ரயிலேறினார். இன்றும் நடப்பது அதுவே. ரயிலுக்குப் பதில் விரல்.

ஆகவே பெயரிடம் கேட்க வேண்டியவை மூன்றே. ஒருமுறை காதால் கேட்டவர் பிழையின்றித் தட்ட வேண்டும். தட்டினால் வேறு எவரும் முன்னே நிற்கக் கூடாது. பலகையிலும் வரைபடத்திலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரே எழுத்துமுறையில் இருக்க வேண்டும். முதலாவதற்கு ழகரம், ளகரம் போன்ற எழுத்துகளை விலக்க வேண்டும். நெடிலும் இரட்டித்த மெய்யும், "t", "th", "d" என்று மூன்றாகப் பிரியும் ஒலிகளும் குறைவாக இருக்க வேண்டும். ழகரத்தை விலக்கச் சொல்லும்போது எங்களுக்கும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் ழகரத்தின் வாழ்வு ஒரு ஸ்டுடியோவின் பலகையைச் சார்ந்து இல்லை. அந்த ஸ்டுடியோவின் வாழ்வு அதன் பலகையைச் சார்ந்திருக்கிறது.

இளைஞரின் கடைக்கு எதிரே இரண்டு பனைகள் அருகருகே நிற்கின்றனவாம். 'இரட்டைப் பனை' என்றார் ஒருவர். தொலைபேசியில் சோதித்தோம்: "irattai", "rettai", "irratai". தேறவில்லை. 'இருபனை' என்று சுருக்கிச் சொன்னோம். நால்வரும் "irupanai" என்றே எழுதினார்கள். ஒருவர் மட்டும் நடுவே இடைவெளி விட்டார், அதனால் கேடில்லை. அன்று தேடிப் பார்த்தவரையில் அப்பெயரில் படம்பிடிப்பவர் எவரும் தென்படவில்லை. இருவர் இணையும் தொழிலுக்குப் பொருளும் பொருந்தியது. வெளியே வந்து வாசலைக் காட்டவும் உதவும்.

எங்களில் மூத்தவர் தடை சொன்னார். மணவீட்டு வாசலில் கட்டுவது வாழை, பனையில் என்ன மங்கலம் இருக்கிறது என்றார். நியாயமான தடைதான், தேடுபொறிக்கு மங்கலம் தெரியாது, மணமகளின் பாட்டிக்குத் தெரியும். இளைஞர் சிரித்துக்கொண்டே, "அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றண்ணே" என்றார். அவர் அம்மா வேறு பெயர் சொன்னாலும் எங்களுக்கு வருத்தமில்லை. அந்தப் பெயரையும் நான்கு பேரைத் தொலைபேசியில் அழைத்துச் சோதித்துவிட்டுத்தான் பலகைக்காரரிடம் போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.